தொலைந்த காசோலை

நுழையும்முன்

காசோலை என்பது ஒருவர் தம் வங்கிக்கு எழுதும் கட்டளை. ‘இன்னாருக்கு இவ்வளவு தொகையைக் கொடுக்கவும்’ என்பதே அதன் சாரம். இட்ட கட்டளையை இட்டவரே திரும்பப் பெறவும் முடியும். வங்கிகளில் ‘ஸ்டாப் பேமென்ட்’ என்று வழங்கும் நிறுத்த அறிவுறுத்தல் அதுதான். எழுதிய காசோலை கைநழுவித் தொலைந்துவிட்டால் அந்த அறிவுறுத்தல் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதை இப்பாடம் ஒரு நிகழ்வைக் கொண்டு ஆராய்கிறது.

ஈரோட்டில் ஒரு காலைப்பொழுது

கற்பனையாக ஒரு சூழலை அமைத்துக்கொள்வோம். ஈரோட்டில் எட்டுத் தறிகள் கொண்ட விசைத்தறிக் கூடம் ஒன்றை ஓர் அம்மையார் நடத்தி வருகிறார். நூல் வாங்கிய வகையில் பவானியிலுள்ள வணிகர் ஒருவருக்கு அவர் 42,600 ரூபாய் தர வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மாலை அத்தொகைக்கு ஒரு காசோலை எழுதிக் கையொப்பமிட்டு, வணிகரின் கணக்கரிடம் கொடுத்தனுப்பினார். காசோலைத் தாளில் ‘அல்லது கொணர்பவருக்கு’ என்று அச்சிட்டிருந்த சொற்களை அவர் அடிக்கவில்லை. இடப்பக்க மேல் மூலையில் இரு குறுக்குக் கோடுகளையும் இடவில்லை. அவசரத்தில் செய்த சிறு விடுதல்கள்தாம் இவை. எனினும் பின்னர் நிகழ்ந்தவற்றில் பாதி இவற்றிலிருந்தே பிறந்தன.

செவ்வாய் காலை பத்தரை மணிக்கு வணிகரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேருந்தில் கணக்கரின் பை எங்கோ தவறிவிட்டது; காசோலையும் அதனுள்தான் இருந்தது.

இப்போது வங்கிக்குச் சொல்ல வேண்டியவர் யார்? தொலைத்தவர் வணிகரின் ஆள். இழப்பும் அவருக்கே நேரக்கூடும். ஆயினும் வணிகர் வங்கிக்கு நேரில் சென்று ‘அந்தக் காசோலைக்குப் பணம் தராதீர்கள்’ என்றால், அதற்குக் கட்டுப்பட வேண்டிய கடமை வங்கிக்கு இல்லை. அவர் அவ்வங்கியின் வாடிக்கையாளர் அல்லர். எச்சரிக்கை அடைந்த வங்கி மேலாளர், காசோலையை எழுதியவரை அழைத்து வினவலாம், அவ்வளவுதான். கட்டளையிட்டவரின் வாயிலிருந்தே மாற்றுக் கட்டளை வர வேண்டும். ஆகவே வணிகர் அம்மையாரை அழைத்தது சரியான செயல். (கூட்டுக் கணக்காக இருந்தால், கணக்குதாரர்களுள் எவர் ஒருவரும் நிறுத்தச் சொல்லலாம் என்பதும், நிறுத்தத்தை நீக்க அனைவரும் ஒப்ப வேண்டும் என்பதும் வங்கிகளின் பொதுவழக்கு. தடுப்பது எளிதாகவும் திறப்பது அரிதாகவும் இருக்க வேண்டும் என்னும் எண்ணமே இதன் அடிப்படை.)

எண்ணே அடையாளம்

அம்மையார் முதலில் தேடியது காசோலைப் புத்தகத்தின் பதிவுப் பக்கத்தை. எந்த எண்ணுள்ள தாள், யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு தொகைக்கு எழுதப்பட்டது என்பதை அவர் அதில் குறித்து வைத்திருந்தார். தொலைந்த காசோலையின் எண் 004317.

இந்த ஆறு இலக்கங்களைக் காசோலையின் அடிப்பகுதியிலுள்ள வெள்ளைப் பட்டையில் காணலாம். அப்பட்டையில் இடப்பக்கம் முதலில் வருவது காசோலை எண்ணே. அதனை அடுத்துள்ள ஒன்பது இலக்கங்கள் ஊர், வங்கி, கிளை ஆகியவற்றைக் குறிப்பன. வங்கியின் கணினி காசோலையை அடையாளம் காண்பது இந்த எண்ணைக் கொண்டுதான். பெறுபவரின் பெயரையோ தொகையையோ வைத்து அது தேடுவதில்லை. நிறுத்த அறிவுறுத்தல் என்பது நடைமுறையில் இந்த எண்ணின்மேல் போடப்படும் ஒரு பூட்டு.

பூட்டைத் தவறான எண்ணின்மேல் போட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1926-இல் தீர்த்த வழக்கொன்று இதற்கு விடை கூறுகிறது. வாடிக்கையாளர் ஒருவர் காசோலை ஒன்றை நிறுத்தும்படி வங்கிக்குத் தந்தி அடித்தார். பெறுபவர் பெயர் சரி, தொகையும் சரி. காசோலை எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் தவறு. உண்மையான காசோலை வந்து சேர்ந்தபோது, நிறுத்தப்பட்டதற்கு மாற்றாக எழுதப்பட்ட புதிய காசோலை இது என்று வங்கி கருதிப் பணம் வழங்கிவிட்டது. ஒரே ஆளுக்கு, ஒரே தொகைக்கு இரண்டாவது காசோலை எழுதுவது வியப்புக்குரியதன்றே! காசோலையைப் பிறவற்றிலிருந்து ஐயமறப் பிரித்துக் காட்டுவது அதன் எண்தான். ஆதலால் வங்கியின்மேல் குற்றமில்லை என்பது தீர்ப்பாயிற்று. வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி தொடர்பான இவ்வழக்கு வங்கியியல் நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

எண் நினைவில்லாதவர் என் செய்வது? அண்மையில் பணமாக்கப்பட்ட காசோலைகளின் எண்கள் கணக்கறிக்கையில் இருக்கும். அவற்றையும் புத்தகத்தில் எஞ்சியுள்ள தாள்களையும் ஒப்பிட்டால் காணாமற்போன எண் எதுவெனத் தெரிந்துவிடும். ஐயம் தீராவிடின் இன்ன எண் முதல் இன்ன எண் வரை என ஒரு தொடரையே நிறுத்தச் சொல்லலாம். அத்தொடரில் வேறு ஒருவருக்குக் கொடுத்த நல்ல காசோலை சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.

சேர்ந்த நேரமே கணக்கு

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. உரிய நேரத்தில் வங்கியைச் சென்றடையவும் வேண்டும். 1908-இல் இலண்டனில் மற்றொரு வழக்கு நடந்தது. அங்கும் ஒருவர் தந்தி மூலம் காசோலையை நிறுத்தச் சொன்னார். வங்கி மூடியபின் வந்த அத்தந்தியை அஞ்சல் ஊழியர் வாயிலிலிருந்த பெட்டியில் இட்டுச் சென்றார். மறுநாள் பெட்டியைத் திறந்தவர்கள் அதனைக் கவனிக்கத் தவறினர். காசோலைக்குப் பணமும் கொடுக்கப்பட்டுவிட்டது. பெட்டிக்குள் கிடந்த தந்தி, அறிவுறுத்தலாகி விடாது; வங்கியின் அறிவுக்கு உண்மையில் எட்டியபின்னரே கட்டளை மாறும் என்று நீதிமன்றம் கூறியது. தந்தி மறைந்துவிட்டது. ஆயினும் மேலாளர் இல்லாத வேளையில் மேசையில் வைத்துவிட்டு வரும் கடிதத்திற்கும், யாரும் பார்க்காத மின்னஞ்சலுக்கும் இத்தீர்ப்பின் பொருள் அப்படியே பொருந்தும்.

நம் காலத்தில் நேரத்தின் நெருக்கடி மேலும் கூடியிருக்கிறது. முன்பு ஒரு வங்கியில் இட்ட காசோலைத் தாள், தீர்வகம் வழியாக மற்றொரு வங்கிக்குப் பயணம் செய்தது. இப்போது தாள் இட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதன் மின்னணுப் படிமம் மட்டும் செல்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் இப்படிமங்கள் பகல் வேளையில் இடையறாது அனுப்பப்படுகின்றன. பணம் வழங்க வேண்டிய வங்கி மாலை 7 மணிக்குள் ஒவ்வொரு காசோலைக்கும் ‘ஏற்கிறோம்’ அல்லது ‘மறுக்கிறோம்’ என விடை கூற வேண்டும். விடை கூறாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். காலையில் இடப்பட்ட காசோலைக்கு மாலைக்குள் முடிவு ஏற்பட்டுவிடுகிறது. ‘நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்’ என்பதற்கு இனி இடமில்லை.

அம்மையார் இரண்டு வழிகளையும் மேற்கொண்டார். முதலில் வங்கியின் கைப்பேசிச் செயலியில் காசோலை எண்ணைக் குறிப்பிட்டு நிறுத்தினார். பதிவானதாகக் குறுஞ்செய்தி வந்தது. பின்னர்க் கிளைக்குச் சென்று எழுத்துவடிவிலும் கடிதம் கொடுத்தார். செயலி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பணத்தை நிறுத்துவதற்கு அது போதும். ஏன் நிறுத்தினோம் என்பதைப் பின்னாளில் மெய்ப்பிக்கக் கடிதம் வேண்டும். அதன் பயனைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

அவர் எழுதிய கடிதம்:

அனுப்புநர்
(பெயர், முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கி, கிளை)

ஐயா,

பொருள்: தொலைந்த காசோலைக்குப் பணம் வழங்குவதை நிறுத்த வேண்டுதல் – சார்பு.

தங்கள் கிளையிலுள்ள எனது (கணக்கு எண்) நடப்புக் கணக்கில், 004317 என்னும் எண்ணுள்ள காசோலையை ரூ. 42,600 (நாற்பத்து இரண்டாயிரத்து அறுநூறு) தொகைக்கு நேற்றைய தேதியிட்டு, (பெறுபவர் பெயர்) என்பவருக்கு எழுதிக் கொடுத்தேன். அது கோடிடப்படாத, கொணர்பவர் காசோலையாகும். நேற்று மாலை ஈரோட்டிலிருந்து பவானிக்குச் சென்ற பேருந்தில் அக்காசோலை தொலைந்துவிட்டதாகப் பெறுபவர் இன்று காலை எனக்குத் தெரிவித்தார். ஆகவே அதனை எவர் கொண்டுவரினும் பணம் வழங்க வேண்டாம் என அறிவுறுத்துகிறேன். இன்று காலை 10.45 மணிக்குச் செயலி வழியாகவும் இந்நிறுத்தத்தைப் பதிவு செய்துள்ளேன். இக்கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகையை, நாளும் நேரமும் குறித்து, இணைப்பிலுள்ள படியில் வழங்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்
(கையொப்பம்)

இக்கடிதத்தில் அலங்காரச் சொல் ஒன்றும் இல்லை. ‘தொலைந்துவிட்டது’ என்னும் காரணமும், ‘நாளும் நேரமும் குறித்து’ என்னும் வேண்டுகோளும் இதில் உயிரானவை. வங்கி எழுத்தர் படியில் முத்திரையிட்டு, ‘காலை 11.40’ என எழுதிக் கொடுத்தார். அம்மையார் அத்துடன் நில்லாது, காசோலையின் நிலை ‘நிறுத்தப்பட்டது’ எனக் கணினியில் காட்டுகிறதா என்பதையும் கேட்டறிந்தார். கிளையை விட்டு வெளியேறியபின் காவல் நிலையத்திலும் ஒரு புகார் மனு அளித்து, அதற்குரிய பெறுகைச் சீட்டைப் பெற்றுக்கொண்டார்.

யாரோ ஒருவர் கொண்டுவந்தால்

பையைக் கண்டெடுத்தவர் செவ்வாய் பிற்பகல் வங்கியின் முகப்புக்கு வந்து காசோலையை நீட்டுகிறார் என்று கொள்வோம். காசாளர் எண்ணைப் பதிந்ததும் கணினித் திரை நிறுத்தத்தைக் காட்டும். பணம் கிடைக்காது. வேறு வங்கியிலுள்ள தம் கணக்கில் அவர் அதை இட்டிருந்தாலும் இதே முடிவுதான். ‘எழுதியவரால் பணவழங்கல் நிறுத்தப்பட்டது’ என்னும் காரணத்துடன் காசோலை திரும்பும். திருப்பும் காரணங்களுக்கு வங்கிகள் பொதுவான எண்களை வைத்துள்ளன. இதற்குரிய எண் 20. கணக்கில் போதிய பணமில்லை என்பதற்கு எண் 01. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கண்டெடுத்தவருக்குக் காசோலையின்மேல் எந்த உரிமையும் இல்லை. பிறர் பொருள் எனத் தெரிந்தும் நேர்மையற்ற முறையில் அதனைத் தமதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி குற்றம். பெறுபவரின் கையொப்பத்தைப் போலியாக இட்டிருந்தால் பொய்யாவணம் புனைந்த குற்றமும் சேரும்.

இதே மனிதர் செவ்வாய் காலை பத்து மணிக்கே, அதாவது நிறுத்தம் பதிவாவதற்கு முன்னரே, முகப்புக்கு வந்திருந்தால்? காசோலையோ கொணர்பவருக்குரியது. அதில் திருத்தமில்லை; கையொப்பமும் சரி. வங்கி நன்னம்பிக்கையுடன், கவனக்குறைவின்றிப் பணம் கொடுத்திருந்தால், 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 85-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. கொடுத்த பணம் அம்மையாரின் கணக்கில் பற்றாகவே நிற்கும். இரு குறுக்குக் கோடுகள் மட்டும் இருந்திருந்தால் முகப்பில் பணம் தந்திருக்கவே முடியாது. ஒரு வங்கிக் கணக்கின் வழியாகத்தான் வழங்கியிருக்க வேண்டும். கோடுகளுக்கிடையே ‘பெறுபவர் கணக்கில் மட்டும்’ என எழுதியிருந்தால், பெயர் குறித்த வணிகரின் கணக்கைத் தவிர வேறெதிலும் அது வரவாகியிருக்காது.

நிறுத்திய பின்னரும் வங்கி தவறிப் பணம் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்போது வங்கி தன் வாடிக்கையாளரின் கட்டளையின்றித் தன் பணத்தையே கொடுத்ததாகப் பொருள். ஆகவே அத்தொகையை அம்மையாரின் கணக்கில் கழிக்கும் உரிமை அதற்கில்லை. கழித்திருந்தால் மீண்டும் வரவு வைக்க வேண்டும். அவர் செய்ய வேண்டியது, ஒப்புகை பெற்ற படியை இணைத்து வங்கிக்கு எழுத்துவடிவில் முறையிடுவதே. முப்பது நாளுக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கு முதலில் கேட்கப்படும் வினா, ‘நிறுத்தச் சொன்ன நேரம் எது, பணம் கொடுத்த நேரம் எது?’ என்பதே. எழுத்தர் எழுதிய ‘காலை 11.40’ அதற்கு விடை கூறும்.

மளிகைக் கடைக்காரரின் கேள்வி

இனி வருவதே இப்பாடத்தின் கடினமான பகுதி. கண்டெடுத்தவர் வங்கிக்குச் செல்லவில்லை. மாறாக, திங்கள் இரவே ஒரு மொத்த மளிகைக் கடைக்குச் சென்றார். ‘எனக்கு வர வேண்டிய பணத்துக்குத் தந்த காசோலை இது’ என்று கூறி, அக்காசோலையைக் கொடுத்து 42,600 ரூபாய்க்குச் சரக்கு வாங்கிச் சென்றுவிட்டார். கடைக்காரர் அதனைத் தம் கணக்கில் இடுகிறார். எண் 20 எனத் திரும்புகிறது. சரக்கும் போயிற்று, பணமும் வரவில்லை. அவர் அம்மையாரிடம் வந்து, ‘கையொப்பம் உங்களுடையதுதானே?’ என்கிறார்.

நிறுத்த அறிவுறுத்தல் வங்கியின் கையைக் கட்டிவிட்டது உண்மை. ஆனால் காசோலையில் உள்ள கையொப்பத்தை அது அழிக்கவில்லை. தொலைந்த ஆவணத்தைக் கண்டெடுத்தவரும், அவர் வழியாக உரிமை கோருபவரும் பணம் பெற முடியாது என்று சட்டத்தின் 58-ஆம் பிரிவு கூறுகிறது. கூடவே ஒரு விலக்கையும் அளிக்கிறது. கொடுத்தவரின் உரிமையில் குறையிருப்பதாக ஐயுற இடமின்றி, தக்க மதிப்புக் கொடுத்து, உரிய காலத்தில் காசோலையைப் பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. சட்டம் இவரை ‘முறைப்படி பெற்ற உடைமையாளர்’ என ஒரு தனி வகையாகக் கருதுகிறது. கைமாறிக் கைமாறிச் செல்லும் தாளை நம்பி வணிகம் நடக்க வேண்டுமானால், நேர்மையாக வாங்கியவரைச் சட்டம் காக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

மளிகைக் கடைக்காரர் அத்தகையவர் தாமா? சாதாரணமாக ஓர் ஆவணத்தை வைத்திருப்பவரை முறைப்படி பெற்றவர் என்றே சட்டம் ஊகிக்கும். ஆனால் உரியவரிடமிருந்து அது குற்றத்தாலோ மோசடியாலோ போனது எனத் தெரிந்தால், தாம் முறைப்படி பெற்றதாக மெய்ப்பிக்கும் சுமை வைத்திருப்பவர்மேலேயே விழும். முன்பின் அறியாத ஒருவர், வேறொருவர் பெயருக்கு எழுதிய காசோலையைக் கொண்டுவந்து, முழுத்தொகைக்கும் சரக்குக் கேட்டபோது உமக்கு ஐயம் எழவில்லையா என்று நீதிமன்றம் அவரைக் கேட்கும். விடை பொருத்தமாக இல்லையெனில் அவர் தோற்பார். பொருத்தமாக இருந்தால், நிறுத்தம் இருந்தபோதிலும், அம்மையாரே அவருக்குப் பணம் தர நேரிடலாம். எனக்குத் தெரிந்தவரை, காசோலை எழுதுவோரில் பலர் அறியாத செய்தி இதுதான்.

‘அல்லது கொணர்பவருக்கு’ என்னும் சொற்களை அம்மையார் அடித்திருந்தால் நிலைமை மாறியிருக்கும். அப்போது வணிகர் பின்புறத்தில் கையொப்பமிட்டு மாற்றித் தந்தாலன்றி, வேறொருவருக்கு உரிமை செல்லாது. கண்டெடுத்தவர் அக்கையொப்பத்தைப் போலியாக இட்டிருந்தால் கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவராயினும் அவருக்கு உரிமை பிறக்காது. போலிக் கையொப்பம் உரிமையைக் கடத்துவதில்லை. ‘மாற்றத்தக்கதன்று’ என்று கோட்டுக்கிடையே எழுதினாலும், கொடுத்தவரைவிட மேலான உரிமையை வாங்கியவர் பெற முடியாது. கண்டெடுத்தவரிடம் உரிமையே இல்லை. கடைக்காரருக்கும் அதுவே கதி.

குற்ற வழக்கும் ‘தொலைந்தது’ என்னும் வாதமும்

திரும்பிய காசோலை பற்றி 138-ஆம் பிரிவின்படி குற்ற வழக்கும் தொடரலாம். காசோலை திரும்பிய செய்தி கிடைத்த முப்பது நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்றவருக்குப் பணம் செலுத்தப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. குற்றம் உறுதியானால் இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பிரிவின் வாசகம் கணக்கில் பணமில்லாமையைப் பற்றித்தானே பேசுகிறது, எண் 20-க்கு அது எப்படிப் பொருந்தும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படிப் பலரும் எண்ணினர். கடனைத் தீர்க்க மனமில்லாதோர் காசோலையைக் கொடுத்துவிட்டு, மறுநாளே நிறுத்தச் சொல்லித் தப்ப முயன்றனர். 1998-இல் உச்ச நீதிமன்றம் இக்கதவை அடைத்தது: நிறுத்தச் சொன்னதால் மட்டும் 138-ஆம் பிரிவிலிருந்து விலகிவிட முடியாது. 2002-இல் அந்நீதிமன்றமே மறுபக்கத்தையும் விளக்கியது. கணக்கில் போதிய பணம் இருந்தது, தக்க காரணத்தாலேயே நிறுத்தினேன் என்று எழுதியவர் மெய்ப்பித்தால் குற்றம் இல்லை. மெய்ப்பிக்க வேண்டியவர் அவர்தாம்.

அதனால் ‘தொலைந்துவிட்டது’ என்பது நீதிமன்றங்கள் அடிக்கடி கேட்கும் வாதமாயிற்று. உண்மையில் தொலைத்தவரும் அதையே சொல்கிறார். கொடுத்துவிட்டு மறுப்பவரும் அதையே சொல்கிறார். இருவரையும் எப்படிப் பிரித்தறிவது? இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த டெல்லி வழக்கில், காசோலைகள் காணவில்லை என எழுதியவர் முன்னரே காவல்துறைக்கும் வங்கிக்கும் தெரிவித்திருந்தார். வங்கி திருப்பியனுப்பிய குறிப்பிலேயே ‘தொலைந்ததாக எழுதியவரால் தெரிவிக்கப்பட்டது’ என்னும் காரணம் இருந்தது. 138-ஆம் பிரிவின் கூறுகள் நிறைவேறவில்லை எனக் கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அடுத்த ஆண்டே, 2010-இல், கர்நாடகத்திலிருந்து வந்த வழக்கில் 45,000 ரூபாய்க்கான காசோலை, பணவழங்கல் நிறுத்தப்பட்டது என்று திரும்பியிருந்தது. கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை தொலைந்து எதிர்த்தரப்பாரின் கையில் சிக்கிவிட்டது என்றார் எழுதியவர். நீதிமன்றம் ஆவணங்களைப் பார்த்தது. வங்கிக்குக் கொடுத்த நிறுத்த அறிவுறுத்தலில் காசோலை தொலைந்தது என்ற செய்தியே இல்லை. வழக்குக்கு முன் வந்த அறிவிப்புக்கும் அவர் விடை அனுப்பியிருக்கவில்லை. உண்மையில் தொலைத்தவர் இவ்விரண்டிலும் வாய் திறவாமல் இருப்பாரா? அவர் வாதம் ஏற்கப்படவில்லை.

ஈரோட்டு அம்மையாரின் கடிதத்தில் ‘தொலைந்துவிட்டது’ என்னும் ஒரு சொல் ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்கும். சட்டத்துக்குக் காரணம் தேவையில்லை. காரணம் கூறாமலும் காசோலையை நிறுத்தலாம். ஆனால் அன்று எழுதாத காரணத்தை ஈராண்டு கழித்துச் சொல்லும்போது நம்புவார் அரியர். கடைக்காரரிடமிருந்து வழக்குரைஞர் அறிவிப்பு வந்தபோது, அம்மையார் பதினைந்து நாளுக்குள் விடையனுப்பினார். ஒப்புகைக் கடிதம், காவல் நிலையச் சீட்டு, செவ்வாயன்று கணக்கில் 42,600 ரூபாய்க்கு மேல் இருந்ததைக் காட்டும் கணக்கறிக்கை ஆகியவற்றின் படிகள் அதனுடன் சென்றன. கடைக்காரருக்கும் அம்மையாருக்கும் இடையே கடன் எதுவும் இருந்ததில்லை என்பதையும் விடையில் குறிப்பிட்டார். குற்ற வழக்கு எழவில்லை. பணம் கேட்கும் உரிமையியல் கேள்வி மட்டும் மிஞ்சியது.

புதிய காசோலை

நூல் வணிகருக்கு இன்னும் பணம் சேரவில்லை. அவர் அம்மையாரிடம் வேறொரு காசோலை கேட்டார். தொலைந்த ஆவணத்துக்கு ஈடாக அதே வாசகத்தில் மற்றொன்று கேட்கும் உரிமையை 45அ பிரிவு அவருக்கு அளிக்கிறது. ஆனால் பழையது மீண்டும் கிடைத்து, அதைக் கொண்டு வேறு எவரும் பணம் கோரினால் அவ்விழப்பைத் தாம் ஈடுசெய்வதாக எழுதியவருக்குப் பிணை தர வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. மளிகைக் கடைக்காரர் போன்ற ஒருவர் நாளை வரக்கூடும் என்பதைச் சட்டமியற்றியோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். தொலைத்தவர் வணிகரின் ஆள் ஆதலால், அதன் விளைவையும் அவர் ஏற்பதே முறை.

வணிகர் ஈட்டுறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அம்மையார் 004318 எண்ணுள்ள காசோலையை எழுதினார். இம்முறை ‘கொணர்பவருக்கு’ என்பதை அடித்து, இரு கோடுகளிட்டு, நடுவே ‘பெறுபவர் கணக்கில் மட்டும்’ என எழுதினார். பதிவுப் பக்கத்தில் 004317-க்கு எதிரே சிவப்பு மையால் ‘தொலைந்தது, நிறுத்தம், ஒப்புகை கோப்பில்’ என்று குறித்தார். காசோலை எழுதிய நாளிலிருந்து மூன்று மாதம் வரைதான் செல்லும் என்பது 2012 ஏப்ரல் முதல் உள்ள விதி. அம்மூன்று மாதமும் முடியும்வரை நிறுத்தத்தை நீக்க வேண்டாம் என்று வங்கியில் மீண்டும் ஒருமுறை சொல்லி வைத்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள பயன்படுத்தப்படாத காசோலைத் தாள் ஒன்றை வாங்கிப் பார்த்து, அதன் அடிப்பட்டையில் காசோலை எண் எது எனக் கண்டறிக. பார்த்தபின் தாளை உரியவரிடமே திரும்பக் கொடுக்க.

2. ‘பெறுபவர் கணக்கில் மட்டும்’ எனக் கோடிட்ட காசோலை ஒன்று அஞ்சலில் தொலைந்துவிட்டது. எழுதியவர் வங்கிக்கு அனுப்ப வேண்டிய நிறுத்தக் கடிதத்தை எழுதுக. பாடத்திலுள்ள கடிதத்தில் எந்தத் தொடர்களை மாற்ற வேண்டும்? ஏன்?

3. மளிகைக் கடைக்காரர் பக்கம் ஒருவரும், அம்மையார் பக்கம் ஒருவருமாக நின்று வகுப்பில் வாதிடுக. 58-ஆம் பிரிவு தரும் விலக்கு இக்கடைக்காரருக்குப் பொருந்துமா என்பதை மட்டுமே வாதப்பொருளாகக் கொள்க.